பதினாறு சொற்கள், நான்கு குழுக்கள்: ஒரே சொல் பல இடத்தில் பொருந்தும்போது என்ன செய்வது?

நான்குக்கு நான்கு என்று பதினாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல். இந்தப் பதினாறும் நான்கு குழுக்களாகப் பிரியும். ஒவ்வொரு குழுவிலும் சரியாக நான்கு சொற்கள் இருக்கும், எந்தச் சொல்லும் இரண்டு குழுவில் இருக்காது. எந்தக் குழு எதைப் பற்றியது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அதையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்று பலரும் கைப்பேசியில் ஆடுவது நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2023 ஜூனில் கொண்டுவந்த 'கனெக்‌ஷன்ஸ்' விளையாட்டை. அதற்கு வெகுமுன்பே, 2008-ல் தொடங்கிய பிபிசியின் 'ஒன்லி கனெக்ட்' வினாடி வினாவில் இதேபோன்ற பதினாறு சொல் சுவர் ஒரு சுற்றாக இருந்தது. கனெக்‌ஷன்ஸில் நான்கு சொற்களைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து Submit அழுத்த வேண்டும். சரியென்றால் அந்த நான்கும் ஒரு நிறப் பட்டையாக மேலே போய்விடும். எளிய குழுவுக்கு மஞ்சள், அடுத்தது பச்சை, பிறகு நீலம், மிகக் கடினமானதற்கு ஊதா. நான்காவது தவறோடு ஆட்டம் முடிந்துவிடும்.

புதிதாக ஆடுபவர்கள் தோற்பதற்குச் சொல்லறிவுக் குறைவு காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படியில்லை. பொருந்துகிற நான்கு சொற்கள் கண்ணில் பட்டவுடன் கை பொத்தானுக்குப் போய்விடுகிறது, அதுதான் காரணம். கட்டத்தை அமைப்பவர் பொருந்துகிற நான்கை வைப்பதில்லை. பொருந்துகிற ஐந்தை வைப்பார், சில சமயம் ஆறை. அதில் எந்த நான்கு என்பதுதான் புதிரே. இதற்கு அகராதியைவிட அதிகம் உதவுவது எண்ணிக்கை.

ஆங்கிலக் கட்டத்தை எடுத்து விளக்கினால் பாதி நேரம் அமெரிக்க மிட்டாய்ப் பெயர்களுக்கே போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்காக நானே துண்டுச் சீட்டில் எழுதி வைத்த தமிழ்க் கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

வேலி · முந்திரி · காசி · அரை

ஏலக்காய் · மா · துறை · கால்

பட்டு · குழி · வெல்லம் · காணி

சேமியா · முக்கால் · கங்கை · திராட்சை

கீழே படிப்பதற்கு முன் நீங்களே ஐந்து நிமிடம் முயன்று பாருங்கள். பிறகு படித்தால், எந்த இடத்தில் சறுக்கினீர்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில்: கையைக் கட்டிக்கொண்டு படியுங்கள்

பதினாறையும் வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் தோன்றும் பொருளை விட்டுவிட்டு, "இதற்கு வேறு என்ன பொருள் இருக்கிறது?" என்று கேளுங்கள். அரை என்றால் பாதி. அரைப்பதும் அரைதான். அரைஞாண் கயிறு கட்டும் இடுப்புக்கும் அதே பெயர். கால் உடம்பில் இருக்கிறது, கணக்கிலும் இருக்கிறது. மா மரமாகவும் இருக்கும், இலங்கைத் தமிழர் வீட்டில் டப்பாவில் இருக்கும் மாவாகவும் இருக்கும். பட்டு என்பது துணி, 'அடிபட்டு' என்பதில் வரும் பட்டும் அதே எழுத்து. ஆங்கிலக் கட்டத்தில் எல்லாச் சொற்களும் பெரிய எழுத்தில் வருவதால் ஊர்ப்பெயர் எது, பொதுச்சொல் எது என்று தெரியாது. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது, ஆகவே காசி என்பது ஊரா ஆள் பெயரா என்று கட்டம் காட்டிக்கொடுக்காது.

காகிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் Shuffle பொத்தானை அழுத்திச் சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். இதற்கு எந்த இழப்பும் இல்லை. பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நம் கண்ணைப் பிடித்துவைத்திருக்கும். இடம் மாறினால் அந்தப் பிடி விடும்.

பிறகு: ஒவ்வொரு எண்ணத்துக்கும் எத்தனை சொற்கள் என்று எண்ணுங்கள்

அக்கா மகள் முதலில் பார்த்தது பாயசம். சேமியா, வெல்லம், ஏலக்காய், திராட்சை, முந்திரி. பார்த்த வேகத்தில் முந்திரி, திராட்சை, ஏலக்காய், வெல்லம் நான்கையும் என் பக்கம் தள்ளினாள். "எண்ணினியா?" என்றேன். எண்ணவில்லை. எண்ணினால் ஐந்து வருகிறது. ஐந்து வந்த குழுவில் கை வைக்கக் கூடாது. அதில் ஒன்று வேறிடத்துக்குப் போக வேண்டியது. எது என்று தெரியும்வரை ஐந்தையும் ஓரமாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

அடுத்து அவள் கண்டது கால், அரை, முக்கால். கணக்கில் வரும் பின்னங்கள். மூன்றுதான் கிடைத்தது, நான்காவது தெரியவில்லை. புதியவர்கள் இங்கேதான் அந்த எண்ணத்தையே கைவிட்டுவிடுவார்கள். கைவிட வேண்டாம். மூன்று சொற்கள் இவ்வளவு இறுக்கமாக ஒட்டினால் நான்காவது கட்டத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அது நமக்குத் தெரியாத பொருளில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே அதைத் தேடவும் வேண்டாம். 'மூன்று, ஓரிடம் காலி' என்று குறித்துவிட்டு மேலே போகலாம்.

பிறகு வந்தது பெரிய பொறி. மா, முந்திரி, திராட்சை, ஏலக்காய். நான்கும் தோட்டத்தில் விளைபவை, எண்ணிக்கையும் சரியாக நான்கு. இதைப் பொறி என்று எப்படி அறிவது?

பொத்தானை அழுத்துமுன்: மிச்சம் பன்னிரண்டைப் பாருங்கள்

இந்த ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டால் பாதித் தவறுகள் நின்றுவிடும். நான்கு சொற்களைத் தேர்ந்தெடுத்ததும் அந்த நான்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எஞ்சிய பன்னிரண்டைப் பாருங்கள். இந்த நான்கும் போய்விட்டால் யார் அநாதை ஆகிறார்கள்?

மா, முந்திரி, திராட்சை, ஏலக்காய் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். சேமியாவும் வெல்லமும் தனியாக நிற்கின்றன. மிச்சத்தில் சேமியாவோடு சேரக்கூடியது வெல்லத்தைத் தவிர எதுவும் இல்லை. வேலியோடு சேமியா சேருமா? கங்கையோடு சேருமா? சேராது. ஆக, தோட்டப் பயிர் என்ற எண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தவறு. பொத்தானைத் தொடாமலே தெரிந்துகொண்டோம்.

நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இந்தச் சொல் இங்கே பொருந்துமா?" என்பது. பல இடத்தில் பொருந்தும் சொல்லிடம் அந்தக் கேள்விக்குப் பயனில்லை, எல்லா இடத்திலும் ஆமாம் என்றே பதில் வரும். மாற்றிக் கேட்க வேண்டும்: "இந்தச் சொல் வராவிட்டால் எந்தக் குழு பட்டினி கிடக்கும்?"

போக்கிடம் இல்லாத சொல்லிலிருந்து தொடங்குங்கள்

மா என்ற சொல் நான்கு இடத்துக்குப் போகும். அதிலிருந்து தொடங்கினால் நான்கு திசையிலும் அலைய வேண்டியதுதான். அதற்கு மாறாக, வேறெங்கும் ஒட்டாமல் முழித்துக்கொண்டு நிற்கும் சொல்லைத் தேடுங்கள். இந்தக் கட்டத்தில் அது குழி.

குழி பாயசத்தில் இல்லை, பின்னமும் இல்லை. குழி யாரோடு போகும்? அக்கா மகளுக்குத் தெரியவில்லை. அப்பா பழைய நிலப் பத்திரங்களைப் படித்துப் பழகியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சீட்டுகளைப் பார்த்தார்.

"நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை இப்படித்தாம்மா சொல்லுவாங்க. காணின்னா அதுவும் நிலக் கணக்குதான், ஒன்னேகால் ஏக்கரைவிடக் கொஞ்சம் அதிகமா வரும்" என்றார்.

குழி, மா, வேலி, காணி. எண்ணிப் பார்த்தால் சரியாக நான்கு. ஐந்தாவதாக நில அளவு எதுவும் கட்டத்தில் இல்லை. இப்படிச் சரியாக நான்கு மட்டும் கிடைக்கும் குழுவே நுழைவாசல். அது மஞ்சள் குழுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. பலர் எளிய குழுவை முதலில் முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார்கள். எளிய குழுவில்தான் ஏமாற்றுச் சொற்கள் அதிகம் மொய்க்கும், எல்லோருக்கும் தெரிந்த எண்ணம் என்பதால். பாயசம் இந்தக் கட்டத்தின் எளிய குழு, அதில்தான் ஐந்து சொற்கள் நின்றன.

ஆனால் அக்கா மகள் விடவில்லை. "சித்தி, வேலி, குழி, மா, முந்திரி. ஒரு முந்திரித் தோப்பு, நடுவுல மாமரம், குழி வெட்டி நட்டிருக்கு, சுத்தி வேலி. இதுவும் நாலுதானே?"

நல்ல கேள்வி. மிச்சம் பன்னிரண்டைப் பார்க்கும் சோதனையிலும் இது தோற்காது. காணி என்பது எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பழைய பின்னமும்கூட. அது கால், அரை, முக்காலோடு போய்விட்டால் பாயசத்துக்கு நான்கு, மீதிக்கு நான்கு என்று எல்லாம் நிரம்பிவிடுகிறது. எண்ணிக்கை இரண்டு பதில்களையும் ஏற்றுக்கொள்ளும் இடம் இது.

இங்கே இன்னொரு சோதனை வேண்டும். குழுவுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். 'பழைய நில அளவுகள்' என்று மூன்றே சொல்லில் பெயர் வைத்துவிடலாம், நான்கும் ஒரே வகைப் பொருள்கள். அவள் சொன்னதற்குப் பெயர் வைக்க ஒரு காட்சியை விவரிக்க வேண்டியிருந்தது. இரண்டு மரம், ஒரு பள்ளம், ஓர் அடைப்பு: வகையும் ஒன்றாக இல்லை. கட்டம் அமைப்பவர்கள் வகை கலந்த குழுவை அநேகமாக வைப்பதில்லை. 'தோட்டத்தில் இருப்பவை' என்று பெயர் வைத்தால் அதில் ஏலக்காயும் நுழையும், திராட்சையும் நுழையும். பெயர் எத்தனை சொற்களை உள்ளே விடுகிறதோ அவ்வளவுக்கு அதன்மேல் சந்தேகப்பட வேண்டும்.

தெரியாத பொருளைக் கணக்கே சொல்லும்

நில அளவுகள் போனதும் மிச்சம் பன்னிரண்டு. பின்னங்களில் கால், அரை, முக்கால், காலியாக ஓரிடம். பாயசத்தில் ஐந்து. காசி, கங்கை, துறை, பட்டு என்று நான்கு தெரியாதவை.

இப்போது நீங்கள் எதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஓரிடம் காலியாக இருக்கிறது, ஒரு சொல் மிகையாக இருக்கிறது. பாயசத்தின் ஐந்தில் ஒன்று பின்னமாக இருந்தாக வேண்டும். சேமியா பின்னமாக இருக்க முடியுமா? திராட்சை? ஐந்தையும் அகராதியில் பார்த்தால் விடை கிடைத்துவிடும். தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஒரு காணியில் நான்கு முந்திரி, ஒரு மாவில் நான்கு காணி. பள்ளியில் இப்போது இதை யாரும் படிப்பதில்லை, தெரியாமல் இருப்பதில் வியப்பும் இல்லை. ஆனால் 'முந்திரிக்கு எனக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்கிறது' என்பதை அந்தப் பொருள் தெரியாமலே அறிந்துகொண்டோமே, அதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இந்த வரிசையையும் கவனியுங்கள். தொடக்கத்தில் பின்னமாக வரக்கூடியவை ஆறு இருந்தன: கால், அரை, முக்கால், மா, காணி, முந்திரி. அப்போதே ஒருவர் மாவை இருபதில் ஒன்று என்று தெரிந்துவைத்திருந்தால், அந்த அறிவே அவரைத் தவறான பொத்தானை அழுத்த வைத்திருக்கும். அதிகம் தெரிந்தவர்கள் விழும் பள்ளம் இது. நில அளவுகளை முதலில் எடுத்த பிறகு ஆறு நான்காகச் சுருங்கியது, அதற்குப் பிறகு யோசிக்க எதுவும் இல்லை.

தவறாகிவிட்டால் அதிலிருந்து என்ன எடுப்பது

எல்லாச் சோதனையும் செய்தும் சில நாள் ஊகித்துத்தான் ஆக வேண்டும். அப்போது ஊகத்தைச் செய்தி கிடைக்கும்படி செய்யுங்கள்.

நான்கில் மூன்று சரியாக இருந்தால் கனெக்‌ஷன்ஸ் "One away..." என்று காட்டும். அந்த எச்சரிக்கை வந்ததும் பதற்றத்தில் கண்ணுக்குப் பிடிக்காத ஏதோ ஒரு சொல்லை மாற்றிவிடுவதுதான் பொதுவான பிழை. எந்தச் சொற்கள் உறுதியானவை என்று அழுத்துவதற்கு முன்பே மனத்தில் குறித்திருக்க வேண்டும். கால், அரை, முக்கால், மா என்று அழுத்தி அந்தச் செய்தி வந்தால், முதல் மூன்றும் அசையாதவை, அதனால் மாதான் வெளியேற வேண்டும். அதன் இடத்துக்கு வரக்கூடியவை காணி, முந்திரி இரண்டே. மோசமாகப் போனாலும் இன்னொரு தவறோடு முடிந்துவிடும்.

முந்திரி, திராட்சை, ஏலக்காய், வெல்லம் என்று அழுத்தியிருந்தாலும் அதே செய்திதான் வரும். இங்கே உள்ளே வர வேண்டியது சேமியா என்பது தெரியும், வெளியே நின்ற ஐந்தாவது சொல் அது. வெளியேற வேண்டியது நான்கில் எது? காலியிடம் வைத்திருக்கும் இன்னொரு குழு எதை ஏற்கும் என்று பாருங்கள். பதில் மறுபடியும் முந்திரியில் வந்து நிற்கும்.

செய்தியே வராமல் வெறும் தவறு என்று மட்டும் சொன்னால் அதற்கும் பொருள் உண்டு. அந்த நான்கில் எந்த மூன்றும் ஒரே குழுவில் இல்லை. மா, முந்திரி, திராட்சை, ஏலக்காய் என்று அழுத்தினால் இதுதான் நடக்கும், அதில் இரண்டுதான் பாயசம். அப்படி வந்தால் ஒரு சொல்லை மாற்றி மறுபடி முயலாதீர்கள். எண்ணமே தவறு. அதை முழுதாக விட்டுவிட்டு வேறு சொல்லிலிருந்து தொடங்குங்கள். ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றி நான்கு வாய்ப்பையும் ஒரே தவறான எண்ணத்தில் கரைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முன்பு அழுத்திய அதே நான்கைத் தெரியாமல் மறுபடி அழுத்தினால் "Already guessed!" என்று வரும், அதற்குத் தவறு கணக்கில் ஏறாது.

ஊதாக் குழு

காசி, கங்கை, துறை, பட்டு. மற்ற மூன்று குழுவும் போய்விட்டதால் இவை நான்கும் தாமாகவே சேர்ந்துவிட்டன. ஆட்டத்தைப் பொறுத்தவரை அழுத்திவிடலாம். பெரும்பாலான நாள்களில் ஊதா இப்படி மிச்சமாகத்தான் கிடைக்கும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனாலும் அழுத்துமுன் உறவைக் கண்டுபிடித்துப் பாருங்கள். அடுத்த நாள் ஊதாவை நேராகப் பிடிக்க அதுதான் பயிற்சி.

ஊதாக் குழுவில் பொருளைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சொல்லின் உடம்பைப் பார்க்க வேண்டும். முன்னால் ஏதாவது சேர்த்துப் பாருங்கள், பின்னால் சேர்த்துப் பாருங்கள். ஓர் எழுத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஆங்கிலமானால் ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கிறதா என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். இதில் நமக்கு ஒரு சிரமம் உண்டு. அமெரிக்க உச்சரிப்பில் ஒன்றாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் நம் வாயில் தனித்தனியாக ஒலிக்கும், அதனால் உறவு காதில் விழாமலே போகும். அப்படிப்பட்ட நாளில் ஊதாவை மிச்சத்துக்கே விட்டுவிடுவது நல்லது.

நம் கட்டத்தில் பட்டு என்ற சொல்லுக்கு முன்னால் எதையாவது சேர்த்துப் பாருங்கள். செங்கல்பட்டு. துறைக்கு முன்னால்? மயிலாடுதுறை. தென்காசி, சிவகங்கை. தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகரங்கள், முன்பாதியை வெட்டி எடுத்தவை. இப்போது முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போய் வேலியைப் பாருங்கள். திருநெல்வேலி. கூடவே கால், காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்த மாவட்டம் என்றாலும் கண்ணை இழுக்கும். இந்த உறவை முதலிலேயே கண்டுபிடித்த ஒருவர் வேலியைச் சேர்த்து அழுத்தித் தவறு வாங்கியிருப்பார். ஊதாவைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தாலும் எண்ணிக்கைச் சோதனையிலிருந்து அதற்கு விலக்கு கிடையாது. வேலி போனால் குழி, மா, காணி மூன்றோடு நின்று பட்டினி கிடக்கும், அதனால் வேலி இங்கே வரக் கூடாது.

அன்று கடைசி நான்கு சீட்டும் மேசையில் கிடந்தபோது அப்பா ஊர்ப்பெயர்களைக் கவனிக்கவே இல்லை. "காசி யாத்திரைதானே? கங்கையில குளிக்கிற துறை, அங்கே வாங்கிட்டு வர்ற பட்டு" என்றார். நான்கும் சரி, உறவு வேறு. அவர் உறவுக்கு நான் வைத்த சோதனைகளில் குறை சொல்ல வகைக் கலப்பு ஒன்றுதான் இருந்தது. கனெக்‌ஷன்ஸில் உறவைக் கேட்கமாட்டார்கள், நான்கு சொற்கள் சரியென்றால் போதும். ஒன்லி கனெக்ட் சுவரில் குழுவைக் கண்டுபிடித்தால் ஒரு புள்ளி, உறவைச் சரியாகச் சொன்னால் தனியாக இன்னொரு புள்ளி. அந்த முறையில் எங்கள் வீட்டு மேசையில் அப்பா அன்று உறவுக்கான புள்ளியை இழந்திருப்பார். அக்கா மகள் கொடுக்கக் கூடாது என்றுதான் வாதாடினாள். நான் கொடுத்துவிட்டேன்.